இப்போதே அறுவை சிகிச்சையா, பொறுத்திருப்பதா? சி.ஏ.எச். குழந்தைக்கு முன்னால் இரண்டு வழிகள்

"என்ன குழந்தை?" என்று வெளியே நிற்பவர்கள் கேட்கிறார்கள். டாக்டரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காமல் பிறக்கும் ஊடுபால் குழந்தைகள் பலருடைய வாழ்க்கை இப்படித்தான் தொடங்குகிறது. ஊடுபாலில் பல வகை உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும் என்பதால், விவாதம் அதிகம் சூடு பிடிக்கிற ஒரு வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் கன்ஜெனிட்டல் அட்ரீனல் ஹைப்பர்பிளாசியா, சுருக்கமாக சி.ஏ.எச். என்பார்கள். பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி குறைவாக இருக்கும். ஏறக்குறைய 15,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வருவது.

அந்த நொதி இல்லாவிட்டால் கார்டிசால் என்ற ஹார்மோன் சரியாகச் சுரக்காது. மூளை விடாமல் சுரப்பியைத் தூண்டிக்கொண்டே இருக்கும். சுரப்பி தன்னால் முடிந்ததை, அதாவது ஆண் தன்மை தரும் ஹார்மோனை, அளவுக்கு மீறிச் சுரந்துவிடும். இங்கே நான் பேசுவது பெண் குழந்தையைப் பற்றி: எக்ஸ்எக்ஸ் குரோமோசோம், உள்ளே கருப்பையும் சினைப்பைகளும் நல்லபடியாகவே இருக்கும். வெளியே மட்டும் கிளிட்டோரிஸ் பெரிதாகி, சிறுநீர்ப் பாதையும் யோனியும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வாயாகத் திறந்திருக்கும்.

முதல் மூன்று வாரங்களில் இந்தக் குழந்தைக்கு நிஜமான அவசரம் ஒன்று இருக்கிறது. சி.ஏ.எச். குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு உடலில் உப்பு தங்காது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பால் குடிக்காமல் சோர்ந்துபோகும், வாந்தி எடுக்கும், எடை குறையும். ரத்தத்தில் சோடியம் இறங்கி பொட்டாசியம் ஏறும். கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும். சி.ஏ.எச். உள்ள ஆண் குழந்தைகளுக்கு வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால், அந்தக் காலத்தில் நோய் இன்னதென்றே தெரியாமல் பலர் இறந்தார்கள். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பின் தோற்றமே முதல் எச்சரிக்கை. இதைக் காப்பாற்றுவது சலைன், ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளூட்ரோகார்டிசோன், பாலோடு கொஞ்சம் உப்பு. கத்தி அல்ல. ஆனால் உயிருக்குப் போராடிய அந்த வாரத்தின் பதற்றம் அறுவை சிகிச்சைப் பேச்சின் மேலும் படிந்துவிடுகிறது. ஐ.சி.யு. வாசலில் நிற்கும் பெற்றோருக்கு இரண்டும் ஒரே அவசரமாகத்தான் தெரியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வழி: கைக்குழந்தையிலேயே செய்துவிடுவது

பெரும்பாலும் ஒரு வயதுக்குள். கிளிட்டோரிஸின் உள் திசுவை எடுத்துச் சிறிதாக்குவார்கள், யோனியைத் தனியாகப் பிரித்து வெளியே திறப்பார்கள், தோலை மடித்து இதழ்போல் அமைப்பார்கள்.

இதை ஆதரிப்பவர்களைக் கொடூரர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பச்சைக் குழந்தையின் திசு மிருதுவானது, சீக்கிரம் ஆறும், வலி நினைவில் நிற்காது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதே ஆபரேஷன் கடினம், மனதுக்கும் பாரம். அப்புறம், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பெண்ணாகவே வளர்ந்து பெண்ணாகவே வாழ்கிறார்கள். 2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பெண்ணாக வளர்க்கப்பட்ட 250 பேரில் 13 பேருக்குத்தான் தங்கள் பாலினத்தோடு தீவிரமான முரண் இருந்தது. சி.ஏ.எச். உள்ள பெண்களிலேயே, சிறுவயதில் செய்ததே நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த அறுவையைத் தடை செய்யும் மசோதாக்களை எதிர்த்தவர்களில் சி.ஏ.எச். குழந்தைகளின் பெற்றோர் அமைப்பும் உண்டு.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் இந்த வழியில் எனக்குச் சம்மதம் இல்லை. பாலினம் மாறிவிடுமோ என்பதைவிட, உணர்ச்சி என்ன ஆகும் என்பதே என் முதல் கவலை.

கிளிட்டோரிஸ் முழுக்க நரம்பு. லண்டன் ஆய்வாளர்கள் 2003-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பல வகை ஊடுபால் உள்ளவர்களில், வயது வந்து உடலுறவு வாழ்க்கையில் இருந்த 28 பேரில், கிளிட்டோரிஸில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர்கள் 18 பேர். அவர்களில் 39 சதவீதம் பேரால் உச்சம் அடைய முடியவில்லை. அறுவை செய்யப்படாத 10 பேரில் அப்படி ஒருவரும் இல்லை. சின்ன எண்ணிக்கைதான், இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டக் கூடாது. "அது பழைய முறை, இப்போது நரம்பைக் காப்பாற்றிச் செய்கிறோம்" என்று சர்ஜன்கள் பதில் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இன்று கைக்குழந்தைக்குச் செய்ததன் பலன் இருபது ஆண்டு கழித்துத்தான் தெரியும். அதற்குள் முறை மறுபடி மாறியிருக்கும், அப்போதும் இதே பதில்தான் வரும். ஆக, எந்தத் தலைமுறைக் குழந்தைக்குமே முடிவு தெரிந்த சிகிச்சை கிடைப்பதில்லை.

இன்னொன்று, "ஒரே தடவையில் முடிந்துவிடும்" என்ற வாக்குறுதி. லண்டனிலேயே 2001-இல், சிறுவயதில் அறுவை செய்யப்பட்டு வளரிளம் பருவத்துக்கு வந்த 44 பேரைப் பரிசோதித்தார்கள். தோற்றத்துக்காகவோ, மாதவிடாயின்போது டாம்பான் வைக்கவோ, உடலுறவுக்காகவோ மேலும் சிகிச்சை தேவைப்படாதவர் ஒரே ஒருவர். காரணம் எளிமையானது. குழந்தையின் யோனி வளரும்போது தழும்பு அதனோடு வளராது. பாதை சுருங்கிவிடும். சுருங்காமல் இருக்க விரிக்கும் குழாயை உள்ளே வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு அதைச் செய்வது எப்படிப்பட்ட அனுபவமாக இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பருவமடைவதற்கு முன் அப்படி விரிக்கக் கூடாது என்று மருத்துவர்களே 2006-இல் வெளியிட்ட சர்வதேச ஒருமித்த அறிக்கை சொல்கிறது. யோனியை ஒரு வயதில் அமைத்தாலும் பதினாறில் மறுபடி திறக்க நேரும் என்றால், ஒரு வயதில் செய்தது யாருக்காக?

பெற்றோருக்காக என்பதுதான் வழக்கமான பதில். பார்க்கும்போதெல்லாம் கலங்காமல் குழந்தையோடு ஒட்டுதல் வரும் என்பார்கள். அதே 2006 அறிக்கை, இந்த நம்பிக்கைக்கு முறையான ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறது. பெற்றோரின் கலக்கம் உண்மையானது, அதற்கு உதவி வேண்டும். அந்த உதவியைப் பெற்றோருக்குத்தான் செய்ய வேண்டும். அதற்காகக் குழந்தையின் உடலை அறுப்பது சரியாகாது.

இரண்டாம் வழி: பொறுத்திருப்பது

பொறுப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடுகிறார்கள். குழந்தைக்குப் பால் அடையாளமே கொடுக்காமல் வளர்ப்பது என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். இரண்டும் இல்லை. பெண் குழந்தை என்றே பெயர் வைத்து, பெண்ணாகவே வளர்க்கிறார்கள். மாத்திரை தினமும் உண்டு, காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு மூன்று மடங்காகக் கூட்ட வேண்டும். மருந்து ஒழுங்காகப் போனால் ஆண் ஹார்மோன் அடங்கும், பெரிதாக இருந்த கிளிட்டோரிஸ் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஓரளவு சிறுத்தும் போவதுண்டு. சிறுநீர் தடையில்லாமல் போகிறதா, அடிக்கடி தொற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீர் உள்ளே தேங்கி, தொற்று திரும்பத் திரும்ப வந்தால் அது உடல்நலக் காரணம். அதற்கு அறுவை செய்வதைப் பொறுக்கச் சொல்பவர்கள் யாரும் எதிர்ப்பதில்லை. மாதவிடாய் தொடங்கும் சமயத்தில் ரத்தம் வெளியேற வழி சரியாக இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். அந்த வயதில் பிள்ளையால் பேச முடியும், கேள்வி கேட்க முடியும், வேண்டாம் என்றும் சொல்ல முடியும்.

இதன் கஷ்டத்தை மறைக்கவும் கூடாது. நம் ஊரில் குழந்தையைக் குளிப்பாட்டப் பாட்டி வருவார், பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்ப்பார். அங்கன்வாடியில் ஜட்டி மாற்றும் ஆயாவிடம் என்ன சொல்வது? ஐந்து வயதுப் பிள்ளை தானே கேட்கும்போது என்ன சொல்வது? "உன் உடம்பு கொஞ்சம் வேறு மாதிரி, இதில் தப்பு ஒன்றும் இல்லை, டாக்டருக்கும் அம்மாவுக்கும் தெரியும்" என்ற அளவில் தொடங்கி, வயதுக்கேற்பக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்குப் பெற்றோருக்குப் பக்கபலமாக ஓர் உளவியலாளர் தேவை. எத்தனை மருத்துவமனைகளில் அப்படி ஒருவர் கிடைப்பார்? பொறுத்திருக்கும் வழியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆள் போட வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, இரண்டு வழியிலும் தவறு நடக்கலாம். பொறுத்தது தவறாகிவிட்டால் பிறகு அறுவை செய்துகொள்ளலாம். அறுத்தது தவறாகிவிட்டால்? இதற்கு சி.ஏ.எச். அல்லாத ஒரு வழக்கையே உதாரணமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினாவில், நீதிமன்றப் பதிவுகளில் எம்.சி. என்று குறிக்கப்படும் குழந்தைக்குச் சினைப்பைத் திசு, விரைத் திசு இரண்டும் இருந்தன. அரசுப் பராமரிப்பில் இருந்தபோது, 2006-இல், 16 மாத வயதில் பெண்ணாக்கும் அறுவை செய்தார்கள். வளர்ந்தபோது அவன் தன்னை ஆண் என்றான். தத்தெடுத்த பெற்றோர் வழக்குப் போட்டு, 2017-இல் 4,40,000 டாலருக்குச் சமரசம் ஆனது. பணம் வந்தது, வெட்டி எடுத்தது வரவில்லை. சி.ஏ.எச்.-இல் இப்படி ஆவது அரிது. ஆனால் அந்த 13 பேரில் தன் குழந்தையும் ஒன்றா என்பதை ஒரு வயதில் யாராலும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் சட்டம் எந்தப் பக்கம்?

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு தந்தார். வழக்கு தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தது பற்றியது, மணமகள் திருநங்கை. அந்தத் தீர்ப்பிலேயே ஊடுபால் குழந்தைகளின் அறுவை சிகிச்சையையும் எடுத்துக்கொண்டு, பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றார். ஊடுபால் செயற்பாட்டாளர் கோபி சங்கரின் உழைப்பையும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, ஊடுபால் கைக்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் பாலை மாற்றியமைக்கும் அறுவை கூடாது. உயிருக்கு ஆபத்தா என்று சொல்ல ஒரு குழு. ஐரோப்பிய நாடான மால்டா 2015-லேயே இப்படிச் சட்டம் போட்டது. இந்தியாவில் முதல் மாநிலம் தமிழ்நாடு.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. "உயிருக்கு ஆபத்து" என்ற அளவுகோல் ஒரு பக்கம் ரொம்ப இறுக்கம். தொற்றால் சிறுநீரகம் மெல்லக் கெடும் குழந்தைக்கு நாளைக்கே உயிர் போகாது, அவளுக்கும் வழி வேண்டும். இன்னொரு பக்கம் ஓட்டை. நோயின் பெயரை மாற்றி எழுதி, "சீரமைப்பு" என்று போட்டுவிட்டால் யார் கேட்பது? ஜெர்மனி 2021-இல் சட்டம் போட்டபோது இதையும் யோசித்திருக்கிறது. இந்த வகை அறுவை நடந்தால், அந்தக் குழந்தைக்கு 48 வயது ஆகும் வரை மருத்துவப் பதிவேடுகளை அழிக்கக் கூடாது. எனக்கு என்ன செய்தார்கள் என்று முப்பது வயதில் கேட்டாலும் காகிதம் இருக்கும்.

இங்கே அப்படி நம்பி இருக்க முடியாது. குழந்தைக்கு எந்த வழி அமைந்தாலும், குரோமோசோம் ரிப்போர்ட், ஸ்கேன், ஆபரேஷன் நடந்திருந்தால் அதன் முழுக் குறிப்பு எல்லாவற்றிலும் ஒரு பிரதியைப் பெற்றோர் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அதில் பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும், என்ன எடுத்தார்கள் என்பது ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும்.