300 வாட் எஸ்எம்பிஎஸ்-க்கு பிஎஃப்சி: அம்பத்தூர் பட்டறையில் இரண்டு ஆண்டு அனுபவம்

பட்டறையின் மூன்று பேஸிலும் பேஸுக்கு ஒன்றாக 300 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை, ஓடுகிறது. பிரிட்ஜ், அதன் பின்னே 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், அவ்வளவுதான் உள்ளீடு. சாதாரண கிளாம்ப் மீட்டர் ஒரு பேஸில் 1.1 ஆம்பியர் என்றது. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் 2.3 காட்டியது. சாதாரண மீட்டர் சராசரியை அளந்து 1.11-ஆல் பெருக்கும், சைன் அலைக்கு மட்டுமே அது சரி. 300 வாட்டுக்கு ஹீட்டரே 1.3 ஆம்பியர் எடுக்கும், எனவே 1.1 என்ற அளவைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்.

காரணம் கெப்பாசிட்டர். 230 வோல்ட் மெயின்ஸின் உச்சம் 325. அதுவரை ஏறிய கெப்பாசிட்டர், லோடு இழுக்கும் 1 ஆம்பியரால் அடுத்த உச்சத்துக்குள் 17 வோல்ட் போல இறங்கி 308-க்கு வரும். மெயின்ஸ் 308-ஐத் தாண்டும்வரை டயோடு திறக்காது. 10 மில்லிசெகண்ட் அரைச்சுற்றில் உச்சத்தை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முழு மின்சாரமும் பாய வேண்டும். அதனால் 8 ஆம்பியருக்கு மேல் கூர்முனை எழுகிறது. கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் முனை இன்னும் கூர்மையாகும்.

இந்த முனைகள் மூன்று பேஸிலும் வெவ்வேறு நேரத்தில் வருவதால் நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காது. பேஸில் 2.3, நியூட்ரலில் 4 ஆம்பியர்! நியூட்ரல் கம்பி சூடாவது இதனால்தான். மெயினில் கெப்பாசிட்டர் பேங்க் போடுவது தீர்வல்ல. மின்னோட்டம் பின்தங்கவில்லை, வடிவம்தான் கெட்டிருக்கிறது.

தீர்த்தது பூஸ்ட் வகை ஆக்டிவ் பிஎஃப்சி, அதாவது பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்று. உள்ளீட்டு அலையைப் பின்பற்றி மின்னோட்டத்தை இழுத்து 390 வோல்ட் டிசி தருகிறது. மாற்றிய பின் பேஸில் 1.4 ஆம்பியர், நியூட்ரலில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. பழைய 470-ஐ பிரிட்ஜை ஒட்டியே விட்டுவிட்டால் பிஎஃப்சி போட்டும் முனை அப்படியே இருக்கும். அந்த இடத்தில் 1 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போதும்; பெரியது பூஸ்ட் டயோடுக்குப் பின்னே, 450 வோல்ட் ரகம்.

இரண்டு ஆண்டில் வந்த ஒரே கோளாறு, ஒரு போர்டில் 390 மெல்ல 412 ஆனது. அந்த வோல்டேஜை அளந்து சொல்லும் மேல்பக்க சென்சிங் ரெசிஸ்டர் ஒற்றை கால் வாட் 1 மெகாஓம். பொதுவாக 250 வோல்ட்தான் அது தாங்கும், மதிப்பு நகர்ந்துவிட்டது. மூன்று 330 கிலோஓமை வரிசையாக வைத்ததும் நின்றது. ஆறு மாதத்துக்கொரு முறை இந்த வோல்டேஜை மட்டும் அளந்தால் கெப்பாசிட்டர் வெடிக்கும்முன் தெரிந்துவிடும். அளந்த பின் கை வைக்காதீர்கள். அணைத்த பிறகும் 390 வோல்ட் நிற்கும்.

கரண்ட் போகும் நேரத்தில் ஓட்டும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்த போர்டுகள் உறுமின, ஒன்று டிரிப் ஆனது. செங்குத்தாக ஏறும் அலையில் அந்தச் சின்ன ஃபிலிம் கெப்பாசிட்டரே முனை இழுக்கிறது. சைன் வேவ் இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை.