பங்கிட்டு ஆள்வதா, எதிர்த் தரப்பின் வாக்கைத் தேட வைப்பதா?

இனம், மதம், மொழி என்று ஆழமாகப் பிளந்த சமூகத்தில் வெறும் பெரும்பான்மை ஆட்சி ஒரு பிரிவைக் காலம் முழுக்க எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார வைத்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன.

முதல் வழி, அரசியல் அறிஞர் அரெண்ட் லைப்பார்ட் வகுத்த கன்சோசியேஷனல் முறை, அதாவது அதிகாரப் பகிர்வு. எல்லாப் பிரிவுகளும் சேர்ந்த கூட்டு அமைச்சரவை, பதவிகளில் விகிதாசாரம், அவரவர் விவகாரங்களில் தன்னாட்சி, முக்கியமான முடிவுகளைத் தடுக்கும் வீட்டோ ஆகிய நான்கும் அதன் தூண்கள். இதைக் கடுமையாக விமர்சித்த டொனால்ட் ஹொரோவிட்ஸ் சொல்வது இரண்டாவது வழி. தேர்தல் முடிந்தபின் தலைவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பயனில்லை, தேர்தலுக்கு முன்பே அடுத்த பிரிவின் வாக்கைத் தேடிப் போகும் கட்டாயத்தை உண்டாக்க வேண்டும் என்கிறார் அவர். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை குறிக்கும் தேர்தல் முறைதான் அதற்கு அவர் நம்பும் கருவி. யாருக்கும் முதல் விருப்பத்தில் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் அடுத்த விருப்பங்களும் எண்ணப்படும், அதனால் அடுத்த பிரிவின் இரண்டாம் விருப்பமும் வேட்பாளருக்குத் தேவைப்படும்.

முதல் வழிக்கு வட அயர்லாந்து நல்ல உதாரணம். அங்கே பிரிட்டனோடு நீடிக்க விரும்புவோர் யூனியனிஸ்ட்கள், அயர்லாந்தோடு இணைய விரும்புவோர் தேசியவாதிகள். மோதலை முடித்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தப்படி ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் தன்னை யூனியனிஸ்ட், தேசியவாதி, மற்றவர் என்ற மூன்றில் ஒன்றாகப் பதிவு செய்ய வேண்டும். முக்கிய முடிவுகளுக்கு அவையின் மொத்த ஆதரவு மட்டும் போதாது, முதல் இரண்டு தரப்புகளிலும் தனித்தனியே ஆதரவு வேண்டும். அப்படியானால் 'மற்றவர்' போடும் வாக்குக்கு அந்தச் சோதனையில் எடை குறைவு. 2001 நவம்பரில் யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் ட்ரிம்பிளை மீண்டும் முதலமைச்சராக்க அவையில் பெரும்பான்மை இருந்தும், யூனியனிஸ்ட்களுக்குள் அது மயிரிழையில் கிடைக்கவில்லை. இரு தரப்பிலும் சேராத அலையன்ஸ் கட்சியினர் சிலர் தங்களைத் தற்காலிகமாக யூனியனிஸ்ட் என்று பதிவு செய்துகொண்ட பிறகே அவர் தேர்வானார். பிளவைக் கடந்து வாக்குக் கேட்ட கட்சி, பிளவுக்குள் நுழைந்தால்தான் செல்லுபடியாகும்! இந்த முறை பிளவை உறைய வைக்கிறது என்ற விமர்சனத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

வீட்டோவும் இப்படியே தடம் மாறியது. எந்த முடிவுக்கும் இரு தரப்புகளின் ஆதரவையும் கட்டாயமாக்கும் 'கவலை மனு', சிறுபான்மையைப் பாதுகாக்கக் கொண்டுவந்தது. அதற்கு 30 கையெழுத்து போதுமாக இருந்தது. 2015 நவம்பரில் ஒருபாலினத் திருமணத் தீர்மானம் 53க்கு 52 என்று வென்றும், டியுபி என்ற யூனியனிஸ்ட் கட்சி கொடுத்த மனுவால் வீழ்ந்தது. எந்தச் சமூகத்தின் இருப்புக்கும் அதில் ஆபத்து இல்லை. அப்புறம், முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் இரட்டைப் பதவி என்பதால் ஒருவர் விலகினால் மற்றவரும் பதவி இழப்பார். இதனால் 2017 முதல் 2020 வரையிலும், 2022 முதல் 2024 வரையிலும் ஆட்சி முடங்கிக் கிடந்தது.

சரி, ஹொரோவிட்ஸின் வழி மேலானதா? ஃபிஜி அதன் ஒரு பகுதியைச் சோதித்துப் பார்த்தது. 1997 அரசியலமைப்பு விருப்ப வரிசை வாக்கைக் கொண்டுவந்தது. 1999 தேர்தலில், பழங்குடி ஃபிஜியர்களின் தலைவர் ரபுகாவும் இந்திய வம்சாவளித் தலைவர் ஜெய்ராம் ரெட்டியும் மிதவாதக் கூட்டணி அமைத்தார்கள். சூத்திரப்படி அவர்கள் வென்றிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ரெட்டியின் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. இன்னொரு இந்திய வம்சாவளித் தலைவர் மகேந்திர சௌத்ரியின் தொழிற்கட்சி 71இல் 37 இடங்களைப் பிடித்தது. கட்சி தந்த வரிசையை ஒரே குறியில் ஏற்கும் வசதி இருந்ததால், விருப்பங்களைப் பேரம் பேசியது தலைவர்களே. ரபுகாவை வீழ்த்துவது ஒன்றே குறியாக, எதிரெதிர் முகாம்கள்கூடக் கைகோத்தன. 2000 மே மாதம் ஆயுதம் ஏந்தியோர் நாடாளுமன்றத்தில் புகுந்து, பிரதமர் சௌத்ரியைப் பிணைக்கைதியாக்கினர்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். 71இல் 46 இடங்கள் இனவாரியாக ஒதுக்கப்பட்டவை. அங்கே அடுத்த இனத்தவர் வாக்கே கிடையாது என்பதால், இது முழுமையான சோதனை அல்ல. ஆனால் கலந்து வாழாத தொகுதிகளில் இந்த முறைக்குப் பிடிமானமே இல்லை என்பது உறுதியாகிறது. போர் ஓய்ந்த நாடுகளில் மக்கள் பெரும்பாலும் அப்படிப் பிரிந்துதான் வாழ்கிறார்கள்.

ஆகவே துப்பாக்கிகள் இப்போதுதான் ஓய்ந்த இடத்தில் நான் முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் பிரிவுகளின் பெயரை அரசியலமைப்பில் பொறிக்கக் கூடாது. போஸ்னியாவில் 1995 டேட்டன் ஒப்பந்தம் குடியரசுத் தலைமையை போஸ்னியாக், செர்பியர், குரோவாசியர் மூவருக்கு மட்டும் ஒதுக்கியது. ரோமா இனத்தவர் ஒருவரும் யூதர் ஒருவரும் வழக்குத் தொடர, இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் கடந்தும் விதி மாறவில்லை, ஏனென்றால் அதை மாற்ற அதனால் பலன் பெறுபவர்களே சம்மதிக்க வேண்டும். மாறாக, வட அயர்லாந்தில் அமைச்சர் பதவிகள் பெரும்பாலும் கட்சிகள் வென்ற இடங்களின் கணக்கில் பிரிகின்றன. அதனால் எந்தத் தரப்பிலும் சேராத அலையன்ஸ், 2022இல் 17 இடங்கள் பெற்று, அமைச்சரவைக்குள் உரிமையோடு நுழைய முடிந்தது. கவலை மனுவுக்கும் 2020 உடன்பாட்டில் கடிவாளம் வந்தது: ஒரே கட்சியின் 30 கையெழுத்து இனிப் போதாது, குறைந்தது இரண்டு கட்சிகள் சேர வேண்டும். மீதமிருப்பது அந்த இரட்டைப் பதவி. ஒரு கட்சி விலகினால் அடுத்த பெரிய கட்சி அந்த இடத்தை நிரப்பலாம் என்ற விதி வராதவரை, ஆட்சியின் சாவி வெளியேறுபவர் கையில்தான் இருக்கும்.