கென்-பெட்வா கால்வாயா, பழைய ஏரிகளா?

உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பரவிய புந்தேல்கண்டின் வறட்சிக்கு எது தீர்வு, கென் ஆற்றின் உபரி நீரைப் பெட்வா ஆற்றுக்குக் கொண்டுபோகும் கால்வாயா, ஊர்களின் பழைய ஏரிகளா என்று கேட்பவர்களுக்காக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

செலவு
கால்வாய்: 2021இல் ஒப்புதல் தந்தபோதே சுமார் 44,605 கோடி ரூபாய்.
ஏரி: ஊர் ஊராகச் செய்யலாம். 20 ஹெக்டேர் ஏரியில் ஒரு மீட்டர் வண்டல் எடுத்தால் 2 லட்சம் கன மீட்டர் கூடுதல் இடம். ஆவியாதலுக்கும் கசிவுக்கும் பாதி போனாலும், ஹெக்டேருக்கு 600 கன மீட்டர் வீதம் சுமார் 165 ஹெக்டேருக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சலாம்.

இழப்பு
கால்வாய்: இதற்காகக் கென் ஆற்றில் கட்டும் தௌதன் அணை பன்னா புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. 2009இல் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை. வேறு காடுகளிலிருந்து கொண்டுவந்து பெருக்கியவற்றின் வாழிடத்தில் ஒரு பகுதிதான் இப்போது மூழ்கப்போகிறது. ஊர்களும் இடம்பெயர வேண்டும். பணம் கொடுத்தாலும், மேய்ச்சலும் மகுவாப்பூவும் தந்த காடு திரும்பாது. கீழே, கென் கரியால் முதலைச் சரணாலயத்தின் மணல்திட்டுகளுக்கு வெள்ளமும் வண்டலும் குறையும்.
ஏரி: வரத்துக்கால்வாயில் வீடு கட்டியவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். அதை விட்டுவிட்டுத் தூர் மட்டும் வாரினால் ஏரி காலியாகவே கிடக்கும்.

வறண்ட ஆண்டில்
இரண்டுமே தடுமாறும். கென்னும் பெட்வாவும் பக்கத்துப் படுகைகள், ஒரே பருவமழை. ஒன்றில் பொய்த்தால் மற்றதிலும் பெரும்பாலும் பொய்க்கும். உபரி என்பது சராசரிக் கணக்கு, அப்புறம் மேல்படுகை விவசாயிகளின் தேவை கூடினால் அதுவும் சுருங்கும்.

நகரக் குடிநீருக்கும் பெரிய பாசனத்துக்கும் ஏரி மட்டும் போதாது, சரி. ஊர்க்கிணறு ஊறவும் ஒரு போகம் தேறவும் மகோபா மாவட்டத்தின் சந்தேல மன்னர் கால ஏரிகளைத்தான் முதலில் சீரமைப்பேன்.