பாக்கெட் மணி முதலீடு: கணக்கு பெற்றோர் பெயரிலா, பிள்ளை பெயரிலா?

என் மகளுக்கு 14 வயதானபோது கைச்செலவுக்கு மாதம் 100 கொடுத்துவந்தேன். அதில் 40-ஐ முதலீடு செய்யலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். எதில் போடுவது என்பதில் குழப்பமில்லை. சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். யார் பெயரில் போடுவது என்பதில்தான் பல நாள் யோசனை. என் பெயரில் போட்டு நோட்டில் அவள் கணக்கை எழுதி வைக்கலாம். அவள் பெயரிலேயே மைனர் கணக்கு தொடங்கி நான் கார்டியனாக இருக்கலாம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் பணம் யாருடையது என்ற கேள்விக்கு இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன.

முதலில் என் பெயரில் நோட்டு வைத்து நடத்தினேன். என் சொந்த முதலீட்டோடு கலக்காமல் தனி ஃபோலியோ, அதாவது ஃபண்டில் தனிக் கணக்கு எண், எடுத்துக்கொண்டேன். ஒரே ஃபோலியோவில் இரண்டையும் போட்டால் ஃபண்டில் நாம் வாங்கும் பங்கான யூனிட்டில் எது யாருடையது என்பதே ஆறு மாதத்தில் புரியாது. மாதாமாதம் நோட்டில் மூன்றே விவரங்கள்: போட்ட தொகை, அன்றைய யூனிட் விலை, கிடைத்த யூனிட்.

முதல் மாதம் யூனிட் விலை 20. போட்ட 40-க்கு 2 யூனிட். இரண்டாம் மாதம் விலை 16-க்கு இறங்கியது. அதே 40-க்கு இரண்டரை யூனிட். அன்று அவளிடம் இருந்தது நாலரை யூனிட், அதன் மதிப்பு 72. போட்டதோ 80. "அப்பா, எட்டு எங்க போச்சு?" என்று கேட்டாள். விலை இறங்கியதால் மதிப்பு குறைந்திருக்கிறது என்று வாயால் சொல்வதைவிட, யூனிட் கலத்தைக் காட்டினேன். போன மாதம் 2, இந்த மாதம் 2.5. அதே பணத்துக்குக் கூடுதலாக வாங்கியிருக்கிறாள். மூன்றாம் மாதம் விலை 25, 1.6 யூனிட். மொத்தம் 120 போட்டு 6.1 யூனிட், மதிப்பு 152.50. மூன்று விலைகளின் சராசரி 20.33, அவள் வாங்கிய சராசரி விலையோ 19.67. விலை இறங்கிய மாதத்தில் அதிக யூனிட் சேர்ந்ததுதான் காரணம் என்பதை அவளே கால்குலேட்டரில் கண்டுபிடித்தாள். விலை ஏறாமல் 16-லேயே கிடந்திருந்தால் நஷ்டம் நஷ்டம்தான் என்பதையும் அப்போதே சேர்த்துச் சொன்னேன். சராசரி குறைவது லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இந்த வழியின் பலம் நெகிழ்வு. அவள் விற்றுப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு யூனிட்டை விற்கலாம், தவறு செய்யலாம், மறுபடி வாங்கலாம். பலவீனம் சட்டத்தில் இருக்கிறது. அந்த யூனிட்கள் சட்டப்படி என்னுடையவை. எனக்குக் கடன் நெருக்கடி வந்தால் கடன்காரர்கள் அதைத் தொட முடியும். நான் இறந்தால் அது என் சொத்தோடு சேரும். நோட்டில் அவள் பெயர் இருப்பதை நிதி நிறுவனம் கண்டுகொள்ளாது. இதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று: வீட்டில் அவசரம் என்று பெற்றோரே எடுத்துவிட்டுப் பிறகு போடுகிறேன் என்பது. நோட்டில் உள்ள யூனிட்டும் ஃபண்ட் ஸ்டேட்மென்டில் உள்ள யூனிட்டும் ஒத்துப்போகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையையே சரிபார்க்கச் சொல்லுங்கள். எடுத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

மைனர் கணக்கில் உரிமையாளர் பிள்ளைதான். கார்டியன் கையெழுத்துப் போடுகிறார், வாங்கவும் விற்கவும் முடிவெடுக்கிறார். ஆனால் அதைப் பிள்ளையின் நன்மைக்காகவே செய்ய வேண்டும். பரிசாக உள்ளே போன பணத்தைத் திரும்பப் பெற முடியாது. அண்ணனுக்குச் சேர்ந்ததைத் தம்பியின் தேவைக்கு மாற்றவும் முடியாது. இந்தியாவில் மைனர் ஃபோலியோவில் கூட்டு உரிமையாளர் சேர்க்க இடமில்லை. விற்ற பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். இந்த இறுக்கம்தான் இதன் பாதுகாப்பு.

அதற்கு ஒரு விலையும் உண்டு. குறிப்பிட்ட வயதில் முழுப் பணமும் பிள்ளையின் கைக்குப் போய்விடும். மேற்படிப்புக்குத்தான் என்று நிபந்தனை போட முடியாது. அந்த வயது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பிள்ளைக்காகப் பெரியவர் நிர்வகிக்கும் கஸ்டோடியல் கணக்கில் மாநிலத்தைப் பொறுத்து பெரும்பாலும் 18 அல்லது 21. பிரிட்டனில் பிள்ளைகளுக்கான சேமிப்பு, முதலீட்டுக் கணக்கான ஜூனியர் ஐசாவை 16 வயதில் பிள்ளையே நிர்வகிக்கத் தொடங்கலாம், ஆனால் 18 வரை பொதுவாக யாருமே பணம் எடுக்க முடியாது. இந்தியாவில் 18 நிரம்பியதும் கார்டியனின் அதிகாரம் முடிந்து ஃபோலியோ முடங்கும். மாதத் தவணையும் நின்றுவிடும். பிள்ளை தன் பெயரில் கேஒய்சி முடித்து, வங்கி விவரமும் கையெழுத்தும் கொடுத்து மேஜராக மாற்றிய பிறகே கணக்கு மறுபடி இயங்கும். கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த மாதமே பணம் எடுக்க நினைத்திருந்த குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

பிள்ளை பெயரில் போட்டால் வரி மிச்சம் என்ற பேச்சை நம்பிப் போகாதீர்கள். பெற்றோர் கொடுத்த பணத்தில் வரும் வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்ப்பதோ, பெற்றோரின் விகிதத்தில் வரி போடுவதோ மேலே சொன்ன மூன்று நாடுகளிலும் ஏதோ ஒரு வடிவில், ஒரு வரம்புக்கு மேல் உண்டு. பிள்ளை தன் உழைப்பில் சம்பாதித்த பணம் வேறு. இந்தியாவில் அது பிள்ளையின் வருமானமாகவே கணக்கில் வரும்.

சிறு தொகையில் கட்டணத்தைப் பார்ப்பது இதைவிட முக்கியம். மாதம் 40 என்றால் ஆண்டுக்கு 480. பங்கு வாங்குவதற்கான கணக்கொன்றுக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 24 என்றால், போட்டதில் 5 சதவீதம் தொடக்கத்திலேயே போய்விட்டது. சதவீதக் கணக்கில் கட்டணம் பிடிக்கும் ஃபண்ட் இந்தத் தொகைக்குப் பொருந்தும்.

ஓராண்டில் சைக்கிள் வாங்கவிருக்கும் பணத்துக்கு இந்த இரண்டுமே வேண்டாம். வங்கியின் தொடர் வைப்பு போதும். இந்தியாவில் 10 வயது நிரம்பிய பிள்ளை தானே இயக்கும் சேமிப்புக் கணக்கை வங்கிகள் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது.

எங்கள் வீட்டில் கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டோம். மாதம் 40 என் பெயரில், கற்றுக்கொள்வதற்காக. தாத்தா பாட்டி கொடுத்த பெரிய தொகை அவள் பெயரில், ஏனென்றால் அது கொடுக்கப்பட்ட நாளிலேயே அவளுடையது. என் பெயரில் இருப்பதை அவள் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் விற்று மறுபடி வாங்க வேண்டியிருக்கும், லாபத்துக்கு வரியும் வரும். அதனால்தான் என் பெயரில் உள்ளதைச் சிறியதாகவே வைத்தேன்.

இப்போது அவளுக்குப் பதினேழரை. கல்லூரிக்குத் தேவைப்படும் அளவு யூனிட்களை அவள் 18 ஆகும் மாதத்துக்கு முன்பே நானே கார்டியனாக விற்று, பணத்தை அவள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன். மீதிக்கான மேஜர் மாற்றப் படிவத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். அது வங்கியில் உள்ள கையெழுத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதால் இப்போதே ஒரே மாதிரி கையெழுத்திடப் பழகிக்கொண்டிருக்கிறாள்.