காட்சி அழகுக்குப் பணம் கட்டி ஏமாந்தேன்: ஓவிய விடுமுறை முகாம் போகிறவர்கள் கவனிக்க

'தூரிகையே பிடித்ததில்லையா? பரவாயில்லை, வாருங்கள்' என்று விளம்பரம் செய்திருந்த நான்கு நாள் வாட்டர்கலர் முகாமுக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். இதே மாதிரி முகாம்கள் நிறைய இருப்பதால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இருந்த படங்கள் எல்லாம் மலை, ஏரி, மூடுபனி. முன்பு வந்து கற்றுக்கொண்டவர்கள் வரைந்தது என்று ஒன்றுகூட இல்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை. 'தினமும் ஆறு மணி நேரம், ஆசிரியர் உடனிருப்பார்' என்ற வரியிலேயே விழுந்துவிட்டேன்.

அந்த ஆறு மணி நேரத்தின் கதையைக் கேளுங்கள். காலை அமர்வு 9.30 முதல் 12.30 வரை. காட்சிமுனைக்கு நடக்க 25 நிமிடம். இடம் பிடித்து, தாளைப் பலகையில் ஒட்டி, தண்ணீர் எடுத்துவைக்க 15 நிமிடம். ஆசிரியர் வரைந்து காட்ட 50 நிமிடம். அதுவும் பெரும்பாலும் வாயே திறக்காமல். மிச்சம் 90 நிமிடம். நாங்கள் 18 பேர், ஆசிரியர் ஒருவர். ஆளுக்கு ஐந்து நிமிடம்! பிற்பகல் மூன்று மணி நேரத்துக்கு 'சுதந்திர அமர்வு' என்று பெயர். அப்போது அவர் தன் சொந்தப் படத்தை வரைந்துகொண்டிருப்பார். ஆக, நான்கு நாளுக்கும் சேர்த்து எனக்குக் கிடைக்கக்கூடியது இருபது நிமிடம்.

புதிதாகப் பழகுகிறவருக்கு இது ஏன் போதாது என்பதற்கு முதல் நாளே உதாரணம். வானத்துக்கு நீலத்தைப் பரப்பியிருந்தேன். அது பாதி காய்ந்த நிலையில், ஓரிடம் வெளிறித் தெரிகிறதே என்று ஈரத் தூரிகையால் தொட்டேன். தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் மாதிரி ஓரம் சுருண்ட கறையாக நின்றது. துடைக்கத் துடைக்கப் பெரிதானது. கை தட்டிக் கூப்பிட்டேன். அவர் நாற்பது நிமிடம் கழித்து வந்தார். 'நன்றாக வருகிறது, தொடருங்கள்' என்றார். அப்புறம் என் தூரிகையை வாங்கி, அந்தக் கறையின்மேல் ஒரு மரத்தைப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அந்தப் படத்தில் பார்க்கும்படி இருப்பது அவர் போட்ட மரம் மட்டும்தான்.

பக்கத்தில் இருந்த ஓர் அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். தாளை வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பார்க்க வேண்டுமாம். பளபளப்பு இருந்தால் இன்னும் வேலை செய்யலாம். பளபளப்பு போய், புறங்கையை வைத்தால் சில்லென்று இருந்தால் தொடவே கூடாது. அந்தச் சில்லிப்பும் போன பிறகுதான் அடுத்த பூச்சு. ஆசிரியர் சொல்லியிருந்தால் அரை நிமிட வேலை.

காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கு அபாரமான அழகு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக ஆறேழு மலை அடுக்குகள், எல்லாம் பச்சையும் நீலமும். எதை எடுப்பது, எதை விடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. முதலில் ஒரு மரத்தை அதன் நீண்ட நிழலோடு வரைந்தேன். மலைகளை முடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து காட்சியில் இருந்த ஒரு வீட்டை வரையத் தொடங்கியபோது, வெயில் ஏறி நிழல் குறுகித் திசையும் மாறியிருந்தது. பார்த்ததை அப்படியே வரைந்தேன். ஒரே படத்தில் மரத்துக்கு ஒரு சூரியன், வீட்டுக்கு ஒரு சூரியன்! தொடக்கத்திலேயே நிழல்களை மட்டும் குறித்துவைத்துவிட வேண்டும் என்பதும், தொடக்கக்காரருக்கு ஒரு படிக்கட்டோ ஒரு ஜன்னலோ போதும் என்பதும் வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டவை.

ஏற்கெனவே வரையத் தெரிந்த நாலைந்து பேர் சந்தோஷமாகத்தான் திரும்பினார்கள். அவர்களுக்குத் தேவை இடமும் நேரமும், அவை கிடைத்தன. 'அப்படியானால் தொடக்கக்காரர்களை ஏன் கூப்பிட்டீர்கள்?' என்று முகாம் நடத்தியவரிடம் கேட்டேன். 'எல்லா நிலையினருக்கும் என்றுதானே போட்டிருக்கிறோம்' என்றார். பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பக் கேட்டதற்கு, ஆசிரியர் தினமும் வந்தாரே என்று பதில். வந்தார்தான், மறுக்க முடியவில்லை.

இப்போது வேறொரு முகாமுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், வரைந்து காட்டுவது எத்தனை நிமிடம், பிற்பகலில் அவர் எங்கே இருப்பார், மழை வந்தால் என்ன, என் தாளில் அவர் கை வைப்பாரா அல்லது தனித் தாளில் காட்டுவாரா? முதல் கேள்விக்கு எட்டுப் பேர் என்று பதில் வந்தது. பிற்பகலைப் பற்றிய கேள்விக்கு ஏரியின் புகைப்படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். திரும்பவும் கேட்டிருக்கிறேன்.