ஓர் "இல்லை"யை விழுங்கிய கருவி

மீன் ஏலத்தை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்க நினைக்கும் தொண்டி நண்பர், பேச்சு இருக்கும் இடங்களை மட்டும் வெட்டித் தரும் Silero VAD கருவியை நம்பலாமா என்று கேட்டார். அந்தக் கருவியோடு நெடுநாளாக மல்லுக்கட்டுபவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் நியாயம். பாம்பன் கடற்கரைப் பதிவுகளை முழுதாக அனுப்பினால், காற்று மட்டும் இரைகிற இடங்களில் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் யாரும் சொல்லாத வாக்கியங்களை எழுதிவைக்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடிக்கும். வெட்டி அனுப்பத் தொடங்கியதும் அந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது.

ஆனால் கடற்பாசி எடுக்கும் ஓர் அக்காவிடம் "இப்போதும் தீவுப் பக்கம் போவீர்களா?" என்று கேட்டிருந்தேன். எழுத்தில் வந்த பதில்: "போனால் மரிக்கொழுந்துப் பாசி நிறையக் கிடைக்கும்." மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே அனுமதியின்றிப் போகக் கூடாது. பதிவைக் கேட்டால், அதற்கு முன்னால் களைத்த குரலில் தெளிவாக ஓர் "இல்லை" இருக்கிறது!

காரணம் எளிது. கருவி 32 மில்லிநொடித் துண்டு ஒவ்வொன்றுக்கும் பேச்சாக இருக்கும் வாய்ப்பைக் கணிக்கிறது. இயல்பு அமைப்பில் அது 0.5-ஐத் தாண்டினால் பேச்சு தொடங்கிவிட்டதாகக் கொள்கிறது. இப்படிக் கிடைத்த பகுதி 250 மில்லிநொடிக்குக் குறைவாக இருந்தால் சத்தமில்லாமல் வீசிவிடுகிறது. 100 மில்லிநொடி மௌனமே பகுதியை முடிக்கப் போதும் என்பதால், அவசரமாகச் சொன்ன "இல்லை" அடுத்த வாக்கியத்தோடு சேராமல் தனித்து நின்று மாட்டிக்கொண்டது. இருமலை விலக்க வைத்த வரம்பு மறுப்பை விலக்குகிறது. நம் பேச்சிலோ ஆமாம், இல்லை, ம் என்று பாதிப் பதில்கள் இந்த அளவில்தான் இருக்கின்றன.

இப்போது நான் வைத்திருப்பது:

```python
get_speech_timestamps(wav, model,
    sampling_rate=16000,
    threshold=0.4,
    min_speech_duration_ms=100,
    min_silence_duration_ms=700,
    speech_pad_ms=300)
```

700 மில்லிநொடி மௌனம் வரை பொறுப்பதால் குட்டிச் சொல் பக்கத்து வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இரு பக்கமும் விடும் 300 மில்லிநொடி, தணிந்து முடியும் வினைமுற்றின் வாலைக் காப்பாற்றுகிறது. இதற்கும் விலை உண்டு: 0.5 ஆக இருந்த வாசலை 0.4-க்கு இறக்கியதும் தூரத்து ஒலிபெருக்கி அறிவிப்பும் உள்ளே வந்துவிட்டது. மனிதக் குரலா என்றுதான் கருவி பார்க்கிறது. யார் குரல் என்பது அதற்குக் கவலையில்லை.

எது தொலைந்தது என்பதை எழுத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது, வாக்கியம் ஒழுங்காகவே இருக்கும். எனவே கருவி தள்ளிய பகுதிகளை மட்டும் ஒட்டி ஒரே கோப்பாக்கிக் கேட்கிறேன். காற்றுக்கும் அலைக்கும் நடுவே ஒரு "ம்" எட்டிப் பார்க்கும்போது வருகிற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கருவி நல்லது, நான் விடப்போவதும் இல்லை. நண்பரிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏலத்தில் ஒவ்வொரு விலைக் கேள்வியும் ஒற்றைச் சொல். அதுவும் பத்துக் குரலுக்கு நடுவே.