மூட்டையில் அளப்பதா, சதவீதத்தில் அளப்பதா? யூரியா முன்கணிப்புக்கு ஏற்ற அளவுகோல்

மன்னார்குடிப் பக்கத்து உரக்கடை ஒன்றில் இருப்புக் கணக்கும் கொள்முதல் கணிப்பும் என் பொறுப்பு. அடுத்த மாதம் எத்தனை மூட்டை யூரியா போகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் கையில் இருந்தன. ஒன்று, போன ஆண்டு அதே மாதம் விற்றதை அப்படியே எடுத்துக்கொள்வது. மற்றொன்று, கடந்த மூன்று ஆண்டுகளில் அதே மாத விற்பனையின் சராசரி. இரண்டில் எது தேவலை என்று பார்க்கப் போனபோதுதான் அளவுகோலே சிக்கலானது. ஒரு அளவுகோல் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது, இன்னொன்று இரண்டாவதை. சராசரித் தனிப்பிழையா, சராசரிச் சதவீதப் பிழையா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் தனிப்பிழையைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கணிப்புக்கும் உண்மை விற்பனைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலா குறைவா என்று பார்க்காமல் எடுத்து, மாதங்களுக்குச் சராசரி போட்டால் தனிப்பிழை. விடை மூட்டையில் வரும். ஒவ்வொரு வித்தியாசத்தையும் அந்தந்த மாத விற்பனையால் வகுத்துவிட்டுச் சராசரி போட்டால் சதவீதப் பிழை. வித்தியாசத்தை வர்க்கமாக்கிப் பார்க்கும் முறையும் உண்டு. அதில் ஒரே ஒரு கெட்ட மாதம் மொத்த மதிப்பெண்ணையும் தூக்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததுபோன்ற மாதம் வரக்கூடிய ஊரில் எனக்கு அது ஒத்துவரவில்லை.

சோதிக்கும் மாதங்களை முன்பே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். கணிப்பு அந்த மாதங்களின் விற்பனையைப் பார்த்திருக்கவே கூடாது. மூன்றாண்டுச் சராசரியில் சோதனை ஆண்டையும் தவறிச் சேர்த்துவிட்டால் அந்த வழி நல்ல பிள்ளையாகத் தெரியும்; உண்மையில் அது விடையைப் பார்த்து எழுதியது. மாதங்களைக் குலுக்கிப் போட்டு எடுப்பதும் கூடாது. காலவரிசையில் கடைசி மாதங்களைத்தான் ஒதுக்க வேண்டும்.

நான் முழு ஆண்டுக்கும் பார்த்தேன். இங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதங்களை மட்டும், எண்களை எளிதாக்கித் தருகிறேன். எல்லாம் 45 கிலோ மூட்டைகள்.

| மாதம் | உண்மை விற்பனை | போன ஆண்டு வழி | மூன்றாண்டுச் சராசரி |
|---|---|---|---|
| அக்டோபர் | 400 | 380 | 320 |
| நவம்பர் | 500 | 470 | 380 |
| டிசம்பர் | 300 | 330 | 240 |
| ஜனவரி | 100 | 120 | 90 |
| பிப்ரவரி | 40 | 70 | 44 |
| மார்ச் | 20 | 50 | 25 |

சராசரி வழியில் பழைய இரண்டு ஆண்டுகளின் குறைந்த சம்பா விற்பனை கலந்திருக்கிறது. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது தாழ்வாகவே சொல்கிறது. போன ஆண்டு வழிக்கு வேறு கோளாறு. அந்த ஆண்டு ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்கள் கோடை நெல் போட்டார்கள். இந்த ஆண்டு அறுவடையானதும் உளுந்துக்குத் திரும்பிவிட்டார்கள். உளுந்துக்கு யூரியா அதிகம் தேவையில்லை. ஆகவே பிப்ரவரி, மார்ச் கணிப்பு உயர்ந்து நிற்கிறது.

விரிதாளில் உண்மை விற்பனை B நிரலிலும் கணிப்பு C நிரலிலும் இருந்தால், முதல் வரி தனிப்பிழை, இரண்டாம் வரி சதவீதப் பிழை:

```
=SUMPRODUCT(ABS(B2:B7-C2:C7))/6
=100*SUMPRODUCT(ABS(B2:B7-C2:C7)/B2:B7)/6
```

தனிப்பிழையில் போன ஆண்டு வழிக்கு மாதம் சுமார் 27 மூட்டை, மூன்றாண்டுச் சராசரிக்கு 46.5 மூட்டை. போன ஆண்டு வழி தெளிவாக ஜெயிக்கிறது. சதவீதப் பிழையில் போன ஆண்டு வழிக்கு 44 சதவீதம், மூன்றாண்டுச் சராசரிக்கு 18 சதவீதம். அப்படியே தலைகீழ்.

இந்த 44 எங்கிருந்து வந்தது என்று மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அக்டோபரில் 5, நவம்பரில் 6, டிசம்பரில் 10, ஜனவரியில் 20, பிப்ரவரியில் 75, மார்ச்சில் 150. மொத்தம் 266. இதில் 225 பிப்ரவரி, மார்ச் இரண்டுக்கு மட்டும் உரியது. அந்த இரண்டு மாதங்களிலும் சேர்த்து விற்றது 60 மூட்டை. ஆறு மாத விற்பனையோ 1,360. விற்பனையில் இருபதில் ஒரு பங்குகூட வராத மாதங்கள் தீர்ப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன.

டெல்டாவில் இது தற்செயல் அல்ல. குறுவை, சம்பா, தாளடி என்று யூரியா போகும் மாதங்கள் ஒரு பக்கம். அறுவடை முடிந்து வயல் காயும் மாதங்கள் மறுபக்கம். நவம்பரில் 500 விற்கும் கடையில் மார்ச்சில் 20 விற்பது இயல்பு. வகுக்கும் எண் இவ்வளவு சிறியதானால் 30 மூட்டைத் தவறு 150 சதவீதமாகிறது. அதே 30 மூட்டைத் தவறு நவம்பரில் வெறும் 6 சதவீதம். ஒரு மாதம் விற்பனையே இல்லாவிட்டால் சுழியத்தால் வகுக்க நேர்ந்து கணக்கே நின்றுவிடும்.

கடைக்கு எந்தத் தவறு வலிக்கும்? மார்ச்சில் 30 மூட்டை மிஞ்சினால், மூட்டை 266 ரூபாய் 50 காசு வீதம் சுமார் எட்டாயிரம் ரூபாய் முடங்கும். ஈரம் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்கி வைத்தால் குறுவைக்கு ஓடிவிடும். கவனிக்காவிட்டால் கட்டி தட்டும். அவ்வளவுதான். நவம்பரில் 120 மூட்டை குறைந்தால் நிலைமையே வேறு. சம்பா தூர் கட்டும் நேரத்தில் மேலுரம் போட வந்தவர் காத்திருக்க மாட்டார், அடுத்த கடைக்குப் போவார். பொட்டாஷையும் அங்கேயே வாங்குவார். மூன்றாண்டுச் சராசரியை நம்பியிருந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை 260 மூட்டை, அதாவது 11.7 டன் அளவுக்குப் பற்றாக்குறை. அந்த வழிக்குத்தான் சதவீதப் பிழை வெறும் 18 என்று பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறது. கடை முதலாளியிடம் இரண்டு எண்களையும் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "சரி, எத்தனை மூட்டை குறையும்?" தனிப்பிழை அந்தக் கேள்விக்கு அதே மொழியில் பதில் சொல்கிறது.

சதவீதப் பிழையில் இன்னொரு சாய்வும் இருக்கிறது. இதுதான் என்னை முழுதாக அதிலிருந்து விலக்கியது. தாழ்வாகக் கணித்தால் பிழை எவ்வளவு போனாலும் 100 சதவீதத்தோடு நின்றுவிடும். உயர்வாகக் கணித்தால் உச்சவரம்பே கிடையாது. மார்ச்சுக்குக் கணிப்பே இல்லாமல் சுழியம் என்று எழுதியிருந்தால்கூட 100தான். 50 என்று எழுதியதற்கு 150. அடுத்த மார்ச்சில் 20 விற்கவும் 50 விற்கவும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 20 என்று கணித்தால் சதவீதப் பிழை சராசரியாக 30, 50 என்று கணித்தால் 75. தனிப்பிழையோ இரண்டுக்கும் 15 மூட்டை என்று ஒரே மாதிரி நடத்துகிறது. ஆகவே சதவீதப் பிழையை வைத்து ஆண்டுக்கணக்கில் வழிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், தாழ்வாகச் சொல்லும் வழிகளே மேலே வந்துகொண்டிருக்கும்.

சதவீதத்துக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவு விற்கும் பொருளில் அது நன்றாகவே வேலை செய்யும். கேட்பவருக்கும் உடனே புரியும். யூரியாவையும் துத்தநாக சல்பேட்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டுமானால் மூட்டைக் கணக்கு உதவாது, ஏதாவது விகிதம் வேண்டும். அதற்கு நான் பயன்படுத்துவது மொத்தப் பிழையை மொத்த விற்பனையால் வகுப்பது. மேலே உள்ள கணக்கில் போன ஆண்டு வழிக்கு 160ஐ 1,360ஆல் வகுத்தால் சுமார் 12 சதவீதம். மூன்றாண்டுச் சராசரிக்கு 279ஐ வகுத்தால் 20.5. ஒல்லியான மாதங்கள் இங்கே தலைமை தாங்குவதில்லை, முடிவும் தனிப்பிழையோடு ஒத்துப்போகிறது. ராப் ஹைண்ட்மனும் ஆன் கோஹ்லரும் 2006இல் முன்வைத்த அளவிட்ட பிழையும் உண்டு. கணிப்பின் தனிப்பிழையை, பழைய மாதங்களில் எளிய வழி ஒன்று செய்திருக்கும் தனிப்பிழையால் வகுக்கிறது அது. ஒன்றுக்குக் கீழே வந்தால் எளிய வழியைவிட மேல். பல பொருள்களுக்கு அதுதான் முறையானது என்று நினைக்கிறேன், ஆனால் என் அனுபவம் பெரும்பாலும் யூரியாவோடுதான்.

தனிப்பிழையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மிச்சமும் பற்றாக்குறையும் அதற்கு ஒன்றே. அதனால் கூட்டல் கழித்தல் குறியோடு பிழைகளைத் தனியாகவும் கூட்டிப் பார்க்கிறேன்: போன ஆண்டு வழி மொத்தத்தில் 60 மூட்டை கூடுதலாகவும் மூன்றாண்டுச் சராசரி 261 மூட்டை குறைவாகவும் சொல்லியிருக்கிறது. இன்னொரு குறை, பாதிக்கு மேற்பட்ட மாதங்களில் விற்பனையே இல்லாத பொருளில் தெரியும். ஆண்டில் நான்கு மாதம் மட்டும் போகும் ஒரு நுண்ணூட்டப் பொட்டலத்துக்கு எல்லா மாதமும் ஒரே எண் சொல்ல வேண்டுமென்றால், சுழியம் என்பதற்கே தனிப்பிழை மிகக் குறைவாக வரும். அதை நம்பிக் கொள்முதல் செய்ய முடியாது. அந்த மாதிரிப் பொருள்களில் நான் இன்னும் நடவுப் பரப்பைப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

எந்த அளவுகோல் ஆனாலும் இரண்டு இடங்களில் ஏமாற்றும். விற்பனைப் பதிவு பி.ஓ.எஸ். கருவியிலிருந்து துல்லியமாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் இருப்பது விற்றது, கேட்டது அல்ல. இருபதாம் தேதியே சரக்குத் தீர்ந்த மாதத்தில் 300 என்று பதிவாகியிருக்கும். கேட்டு வந்தவர்கள் 400 வாங்கியிருப்பார்கள். 400 என்று சரியாகக் கணித்த வழிக்கு 100 மூட்டைப் பிழை என்று விழும். இருப்புப் பதிவேட்டில் இருப்பு சுழியமான நாள்களைப் பார்த்து, அந்த மாதங்களைச் சோதனையிலிருந்து விலக்கிவிடுவது நல்லது.

இரண்டாவது, மேட்டூர் திறக்கும் தேதி. வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. தண்ணீர் தள்ளிப்போனால் ஒரு மாத விற்பனை அடுத்த மாதத்துக்கு நகரும். மொத்தம் சரியாக இருந்தாலும் இரண்டு மாதங்களிலும் பிழை விழும். எனவே ஒரே ஓர் ஆண்டை ஒதுக்கி வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், ஒவ்வொரு மாதமாக முன்னே நகர்ந்து, அதுவரை தெரிந்ததை மட்டும் வைத்து அடுத்த மாதத்தைக் கணித்து, சீக்கிரம் திறந்த ஆண்டு, தாமதமான ஆண்டு இரண்டையும் சோதனையில் சேர்க்கிறேன். தனிப்பிழையை அந்த ஆண்டுகளுக்குத் தனித்தனியாகவே எழுதி வைக்கிறேன். ஒன்றாகச் சேர்த்துச் சராசரி போட்டால், தண்ணீர் தாமதமான ஆண்டில் எந்த வழி தடுமாறியது என்பது அதற்குள் மறைந்துவிடுகிறது.